இணைப்பு இரண்டு

தலைவரம்மாவுக்கு ஒரு பழக்கம். எந்தக் காகிதம் கையில் வந்தாலும் ஓரத்தில் பச்சைப் பென்சிலால் ஏதாவது எழுதாமல் விடமாட்டார். குடிநீர் மனு என்றால் "மோட்டாரைப் பார்", தெருவிளக்கு என்றால் "பல்பா, வயரா?" ஊராட்சி அலுவலகத்தில் அந்தக் கிறுக்கலைப் பார்த்துத்தான் வேலையே நகரும்.

அன்று வந்த கடிதம் ஒரு கல்லூரி மாணவியுடையது. முதுகலை ஆய்வுக்காக, ஊரில் தனியே வசிப்பவர்கள் பன்னிரண்டு பேரைப் பேட்டி காண அனுமதி வேண்டும். இரண்டு வாரம், பகல் நேரம் மட்டும். பெயர்ப் பட்டியல் வேண்டாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும், விருப்பமுள்ளவர்கள் தாமாகவே வரட்டும். சம்மதம் இல்லாமல் ஒலிப்பதிவு கிடையாது, யாருடைய பெயரும் வெளிவராது. இணைப்பு ஒன்று, துறைத் தலைவரின் சான்று. இணைப்பு இரண்டு, கேள்வித்தாள்.

"தனியா இருக்கிறவங்ககிட்ட பேசணுமாம்," என்றார் செயலாளர். "கூட்டமா வந்து நிக்கிறவங்களுக்கே நம்மால பதில் சொல்லி முடியல."

தலைவரம்மா சிரித்துவிட்டு, படித்துப் பார்ப்பதாகச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

நாள் முழுக்க அவரைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல ஆட்கள். பட்டா, சாக்கடை, பக்கத்து வீட்டுச் சண்டை. மாலை ஐந்தரைக்கு அலுவலகத்தைப் பூட்டினால், மறுநாள் காலை வரை அவரோடு பேசுவது தொலைக்காட்சி ஒன்றுதான். கணவர் போய் ஆறு வருடம். மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். அதிலும் பாதி நேரம் பேரனின் அழுகை. இதை வெளியில் சொல்ல முடியுமா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஊரையே ஆள்கிறவளுக்குப் பேச ஆளில்லையாம் என்று நாலு பேர் சிரித்தால், அடுத்த கூட்டத்தில் எந்த முகத்தோடு உட்காருவது?

சாப்பாட்டு மேசையில் கேள்வித்தாளைப் பிரித்தார். பென்சில் தானாகவே கையில் ஏறியது.

"சாப்பிட்டீர்களா என்று உங்களைக் கடைசியாகக் கேட்டது யார்?" ஓரத்தில் எழுதினார்: "ஞாபகமில்லை."

"வீட்டில் எத்தனை நாற்காலிகள் பயன்பாட்டில் உள்ளன?" "ஒன்று. மற்றதில் மடிக்காத துணி."

"உடம்பு சரியில்லாத நாளில் என்ன செய்வீர்கள்?" "ஆபீஸ் போவேன்."

எழுதியது கண்ணில் பட்டதும் தாளைத் தனியாக எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். கடிதத்தில் மட்டும் "அனுமதிக்கலாம், அடையாள அட்டை காட்டிப் பேசட்டும், மறுத்தால் வற்புறுத்தக் கூடாது" என்று குறித்தார்.

காலையில் செயலாளர் கோப்பைப் புரட்டினார். அவர் சோற்றில் கல்லைக்கூட மன்னிப்பார், கோப்பில் ஒரு தாள் குறைந்தால் மன்னிக்கமாட்டார். "இணைப்பு இரண்டைக் காணோமே தலைவரம்மா. கேள்வி என்னன்னே தெரியாம நாம எதுக்கு அனுமதி கொடுத்தோம்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான்."

தேடித் தருவதாகச் சொல்லித் தலைவரம்மா மதியம் வீட்டுக்குப் போனார். அழிக்கத்தான் நினைத்தார். ரப்பர் இல்லை. பச்சைப் பென்சில் எச்சில் தொட்டுத் தேய்த்தால் போகிற ரகமும் இல்லை. கடைசியில் தாளை நாலாக மடித்துக் கொண்டுவந்து கோப்பின் அடியில் செருகினார். செயலாளர் பிரித்துப் பார்ப்பாரா, தாள்களை எண்ணிவிட்டு விடுவாரா?

செயலாளர் எண்ணினார். எண்ணிக்கை சரி. நகல் எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, மூலத் தாளை அனுமதிக் கடிதத்தோடு மாணவிக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் மாணவி வந்தாள். அறிவிப்பைப் பார்த்துப் பதினொரு பேர் சொல்லியனுப்பியிருந்தார்கள். செயலாளர் எதையோ தேடுவதுபோலப் பின்னறைக்குப் போனார். போகும்போது கதவைச் சாத்திக்கொண்டார். அதுவரை அவர் சாத்தியே பார்த்ததில்லை. அப்போதுதான் தலைவரம்மாவுக்கு அவரும் படித்துவிட்டார் என்று புரிந்தது.

மாணவி அந்தத் தாளை மேசையில் வைத்தாள். "இது தப்பா வந்துடுச்சும்மா. நான் இதை ஆய்வுல சேர்க்கல. நீங்களே வெச்சுக்கங்க."

தலைவரம்மா தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாங்கி இழுப்பறையில் போட்டால் கதை முடிந்தது. மானமும் மிச்சம்.

"பேரு வராதில்ல?"

"வராதும்மா. பாதியில வேண்டாம்னாலும் நிறுத்திடலாம்."

"நான் தலைவருங்கிறது?"

"அதுவும் வராது."

மாணவி சம்மதப் படிவத்தை நீட்டினாள். தலைவரம்மா கையெழுத்துப் போட்டார். கை வழக்கம்போல முத்திரையைத் தேடிப் போனது.

"சீல் வேண்டாம்மா," என்றாள் மாணவி. "இது உங்களுக்கு மட்டுந்தான்."

பேட்டிக்கு மாணவி வீட்டுக்கே வருவதாகச் சொன்னதால், அன்று ஐந்தரை மணிக்கு முன்பே அலுவலகம் பூட்டப்பட்டது. வீட்டில் தலைவரம்மா இரண்டாவது நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டார். மடிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்தார். அதன் ஒரு கால் ஆடியது. ஒரு காகிதத்தை மடித்து அடியில் வைத்து, தானே உட்கார்ந்து ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு, எழுந்து தன் பழைய நாற்காலிக்குப் போனார்.