எழுத்துமூலமாக விலகல்

பல் டாக்டரம்மா கிளினிக்கை மூடிக் கொஞ்ச காலமாகிவிட்டது. வலது கை நடுங்க ஆரம்பித்தபோது முதலில் பல் பிடுங்குவதை நிறுத்தினார், பிறகு பல் அடைப்பதை. கடைசியில் நோயாளிகள் சாய்ந்து உட்காரும் நாற்காலியையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். கேட்டவர்களிடம் ஓய்வு என்றார். நடுக்கத்தைப் பற்றி வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாம் தலைமுழுகியாயிற்று என்றிருந்தபோது, பல் மருத்துவர் சங்கத்திலிருந்து புது வருடச் சந்தாவுக்கு பில் வந்தது. விலகுவதாகச் செயலாளரிடம் போனில் முன்பே சொல்லியிருந்தார். அவரும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பார்த்துக்கொண்ட லட்சணம் இது. அலுத்துக்கொண்டே சங்க அலுவலகத்துக்குப் போய் மாடியேறினார்.

மேனேஜர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சங்கடத்தில் சுருங்கியது.

"போன்ல சொன்னது செல்லாது மேடம். வருஷம் முடிய ஒரு மாசம் முன்னாடியே லெட்டரோ மெயிலோ எங்க கைக்கு வந்திருக்கணும். வரலைன்னா அடுத்த வருஷத்துக்குத் தானாப் புதுப்பிச்சிடும்."

டாக்டரம்மா வாதாடவில்லை. அதற்கெல்லாம் தெம்பு வேண்டும். வேறு வழி உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றார் மேனேஜர். உடம்பு முடியாமல் தொழிலை விட்டவர்களுக்குச் சந்தாவைத் தள்ளுபடி செய்ய நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. காரணத்தை எழுதி, மருத்துவச் சான்றிதழையும் வைத்தால் அடுத்த கூட்டத்தில் படித்துப் பார்ப்பார்கள்.

படித்துப் பார்ப்பவர்கள் யார்? பாதிப் பேர் உடன் படித்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் வேலை கற்றவர்கள். அந்த மேசையைச் சுற்றி அவருடைய கை பேசுபொருளாகும். பிறகு ஒவ்வொருவராகப் போன் போட்டு உச்சுக்கொட்டுவார்கள்.

"வேணாம். இந்த வருஷம் கட்டிடறேன். அடுத்த வருஷத்துக்கு இப்பவே எழுதிக் கொடுத்துடறேன்."

மேனேஜரே இரண்டு வரி அடித்து, இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார். விலகுவதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை, தள்ளுபடிக்குத்தான் கேட்பார்கள் என்றார். டாக்டரம்மா பேனாவை எடுத்தார். முதல் எழுத்தே கோணிக்கொண்டு ஓடியது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முடித்தார். நிமிர்ந்தபோது, கண்ணெதிரே கிடந்த ரப்பர் ஸ்டாம்பை மேனேஜர் அலமாரிக்குள் தேடிக்கொண்டிருந்தார். தேடி முடித்துத் திரும்பி வந்து, ஒரு பிரதியில் தேதியோடு முத்திரை குத்தித் தந்தார்.

"இதைப் பத்திரமா வெச்சுக்குங்க மேடம். இனிமே யாரும் உங்களை எதுவும் கேக்க முடியாது."

தெருவுக்கு வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். ஒரு சான்றிதழ்தானே, கொடுத்திருக்கலாமே என்றார் அவர்.

"முடியலைங்க. ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்ல என்னால முடியல."

"சரி, வா. நானும் இன்னும் சாப்பிடலை."

எதிர்ப்புறம் பஸ் வருவது தெரிந்தது. ஓடிப் பிடிக்க மனமில்லாமல், அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று நின்றார்.