பாவான்னு எழுதினா பாவியாப் போச்சு

"நன்றி மெயிலுக்கு இவ்ளோ நேரமாடா? எத்தினி பேரு பாத்தாங்கன்னு நம்பரைப் போட்டு அனுப்பிட்டுப் போயேன்." அபி சலிச்சிக்கினான்.

"போட்டுகினு தான இருக்கேன், நச்சரிக்காத." எழிலன் லேப்டாப்ப இன்னும் கிட்ட இழுத்தான்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, மாடி ரூம்ல ரெண்டு பேரும். எழிலனோட பிளாக்குக்கு முதமுறையா வெளியாள் ஒருத்தர் எழுதியிருந்தாங்க. பொதட்டூர்பேட்டை தமிழ்செல்வி. நல்ல லுங்கியப் பாத்து வாங்கறது எப்படின்னு கட்டுரை. ஈரத்துணியால தேச்சு சாயம் ஒட்டுதான்னு பாக்குறதுல ஆரம்பிச்சு எல்லாம் இருந்துச்சு. போட்டு அஞ்சு நாளாச்சு. அடுத்ததும் அவங்க இவனுக்கே எழுதணும்னு எழிலனுக்கு ஆசை. வேற ஒரு சைட்காரனும் அவங்களக் கேட்டுகினு இருந்தான்.

லிங்க், 2,140 பார்வை, 118 ஷேர், 63 கமெண்ட். எல்லாம் அடிச்சாச்சு. நல்ல கமெண்ட் ஒண்ணு எடுத்து மெயில்ல வைக்கலாம்னு அப்பதான் முத தடவையா கமெண்ட்ட ஒழுங்கா படிச்சான்.

'யாருங்க அந்தப் பாவி?' 'பாவி சொன்னா கரெக்டா இருக்கும்.' 'பாவிக்கு ஒரு லுங்கி பார்சல்.'

எழிலன் கட்டுரையத் தொறந்தான். 'எங்க பாவிதான் சொல்லிக்குடுத்தாரு.' இப்படிப் பதினோரு எடத்துல பாவி.

அவங்க எழுதினது பாவா. அக்கா வூட்டுக்காரரு. இந்தப் பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரியும், பிழை திருத்துற சாஃப்ட்வேருக்குத் தெரியல. 'எல்லாத்தையும் மாத்து'ன்னு அமுக்குனது இவன்தான்.

"அறிவிருக்காடா உனக்கு? திரும்பப் படிக்கவே இல்லியா?" அபி கேட்டான்.

"உன்னையும்தான் படிக்கச் சொன்னேன்."

"நான் லைக் போட்டேன்."

எழிலன் பதினொண்ணையும் திருத்தினான். ஆனா கமெண்ட் அப்படியே நிக்குதே. 'லிங்க் வந்தா பாவா கிட்ட காட்டணும்'னு வேற தமிழ்செல்வி முன்னாடியே மெயில்ல எழுதியிருந்தாங்க.

"நம்பர் மட்டும் அனுப்பு," அபி சொன்னான். "கமெண்ட்ட எவன் போய்ப் படிப்பான்?"

"லிங்க்க தொட்டா தெரிஞ்சிடும்டா."

கடுப்போட அடிச்சான். 'நன்றிங்க. 63 கமெண்ட்ல 40 என் தப்பால வந்துது. பாவாவ பாவி ஆக்கிட்டேன், மன்னிச்சிடுங்க. இப்ப திருத்திட்டேன். பாக்கி 23 உங்க எழுத்துக்கு வந்தது.' அனுப்பிட்டான்.

"போச்சு. அந்த சைட்டுக்குப் போயிடுவாங்க."

பதில் பத்து நிமிஷத்துல வந்துது. 'அஞ்சு நாளா யாரும் பாக்கலியா? அடுத்ததும் உங்களுக்கே தரேன், ஆனா போடறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும். அந்த நாப்பதயும் எடுத்துடுங்க.' கீழ இன்னொரு வரி. 'பாவா சிரிச்சிகினு இருக்காரு. எடுக்காத, இருக்கட்டும்ங்கறாரு.'

எழிலன் தலையில கைய வச்சிகினு உக்காந்துட்டான். எழுதினவங்க எடுக்கச் சொல்றாங்க, பேரு கெட்டவரு வேணாங்கறாரு. நீங்களா இருந்தா எடுப்பீங்களா, வுட்டுடுவீங்களா?