பதிவான நம்பருக்கே கூப்பிடுங்க

துணி துவைக்கும் மிஷின் பாதியில் நின்றதும் தையல்காரி கஸ்டமர் கேரைக் கூப்பிட்டாள்.

“நாளைக்குப் பத்துலேர்ந்து பன்னெண்டுக்குள்ள டெக்னீஷியன் கூப்பிடுவார், மேடம். பில்லும், மிஷினுக்குப் பின்னால இருக்கற சீரியல் நம்பரும் ரெடியா வச்சுக்குங்க. மிஷின் பக்கத்துலயே இருங்க. பதிவான நம்பருக்கே கூப்பிடலாமா?”

“தாராளமா!”

மறுநாள் மிஷினை இழுத்து, டார்ச் அடித்து, நம்பரைக் கையிலேயே எழுதிக்கொண்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பதினொன்றரை ஆகியும் போன் மூச்சுவிடவில்லை. ஆத்திரத்தோடு மறுபடி கஸ்டமர் கேர்.

“டெக்னீஷியன் இப்போ உங்ககூடத்தானே மேடம் பேசிட்டிருக்கார்?”

“என்கூடயா? நான் உன்கூட இல்ல பேசிட்டிருக்கேன்!”

ஒரு கணம், தான் யார் என்பதே அவளுக்குக் குழம்பியது. போனை வைத்ததும் பஸ் கண்டக்டரான புருஷன் கூப்பிட்டார்.

“எவனோ, மிஷின்ல எந்த லைட் எரியுதுன்னு கேக்கறான். நான் டிக்கெட் கிழிக்கறதா, லைட் பாக்கறதா? உனக்கு அடிச்சா பிஸி!”

அப்போதுதான் உறைத்தது: மிஷின் வாங்கிய அன்று கடையில் நம்பர் கொடுத்தது இவர்.

“அவர்கிட்ட என்னங்க சொன்னீங்க?”

“மிஷின் நல்லா ஓடுதுன்னு சொல்லிட்டேன். புகாரை முடிச்சிட்டானாம்.”

மிஷினின் கண்ணாடிக் கதவுக்குள், திறக்க வழியில்லாமல், அவருடைய நாளைய யூனிஃபார்ம் ஊறிக்கொண்டிருந்தது.