கேமராவைத் திறந்தும் நிற்காத சத்தம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதி அந்தக் கோபத்தால் நடந்தது. மீதிப் பாதி ஒரு லென்ஸால்.

ஒரகடத்தில் போன் செய்யும் கம்பெனி ஒன்றில் கடைசிச் சோதனை லைனுக்கு நான் சூப்பர்வைசர். பெயர் காஞ்சனா, வாலாஜாபாத் பக்கம். என் லைனில் முப்பத்தாறு பெண்கள். பெரும்பாலும் தென்காசி, தூத்துக்குடியிலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல்களில் தங்கியிருப்பவர்கள். அவர்களுக்கு நான் 'அக்கா'. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் உண்டு, அதுவும் எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் போன் ஒன்று, உள்ளே கழன்ற ஸ்க்ரூவோடு கடைக்குப் போய்த் திரும்பி வந்தது. அன்றிலிருந்து என் லைனில் ஒரு வழக்கம். எல்லா மெஷின் சோதனையும் முடிந்த பிறகு, போனைக் காதருகே வைத்து இரண்டு ஆட்டு ஆட்ட வேண்டும். சத்தம் கேட்டால் ரிஜெக்ட். எந்த ஏட்டிலும் இல்லாத சோதனை, நானாகக் கொண்டுவந்தது. 'காஞ்சனா டெஸ்ட்' என்றே பெயராகிவிட்டது. எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

போன மாதம் புது மாடல் வந்தது. அதே விலை குறைந்த ரகம், ஆனால் கேமராவில் ஓஐஎஸ் இருந்தது. பழைய மாடலில் ஈஐஎஸ் மட்டும்தான். இந்த இரண்டு எழுத்துக் கூட்டமும் எனக்கு அட்டைப் பெட்டியில் அச்சடித்த அலங்காரம், அவ்வளவுதான். முதல் நாள் காலை ஒரு போனை ஆட்டினால் 'டிக் டிக்' என்றது. அடுத்ததும் அப்படியே. ஒன்பது மணிக்குள் ரிஜெக்ட் தட்டில் தொண்ணூறு போன் குவிந்துவிட்டது. லைனை நிறுத்தினேன்.

மேனேஜரும் இன்ஜினியர் பலராமனும் ஓடி வந்தார்கள். பலராமன் ஒரு போனை ஆட்டிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மேடம், அது ஸ்க்ரூ இல்ல. லென்ஸு. ஓஐஎஸ்னா லென்ஸ் உள்ள மெல்லிசான கம்பியில தொங்கிக்கினு இருக்கும். கை நடுங்கினா கைரோ சென்சார் கண்டுபிடிச்சு சொல்லும், உடனே காயில்ல கரண்ட் போயி லென்ஸை எதிர்ப்பக்கம் தள்ளும். கேமரா ஆஃப்ல இருந்தா கரண்ட் இல்ல, அதான் ஆடுது. இப்ப பாருங்க." கேமராவைத் திறந்து மறுபடி ஆட்டினார். "சத்தம் நின்னுடுச்சா? பிடிச்சுக்கிச்சு."

நான் பார்க்கவில்லை. மேனேஜரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் சிரித்தார், முப்பத்தாறு பேர் முன்னால். அவமானத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர்கள் போனதும் கத்தினேன்: "இனிமே யாரும் போனைக் காதுகிட்ட கொண்டு போகக் கூடாது. புரியுதா? வச்சா மெமோ."

என் டெஸ்ட்டை நானே கொன்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பலராமன் காட்டியதைச் சரியாகப் பார்த்தது ஒரே ஒருத்தி. மாரிசெல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளி. அடுத்த மாதம் கம்பெனி நேரடியாக எடுக்கப்போகும் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அந்தப் பெயரை எழுதிக் கொடுத்ததும் நான்தான். வேலை அவ்வளவு சுத்தம்.

இரண்டு நாள் கழித்து அவள் ஸ்டேஷனில் போன்கள் தேங்கின. போய்ப் பார்த்தால், கேமராவைத் திறந்து போனைக் காதில் வைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னா பண்ற?"

"ஏக்கா, இது ஒண்ணைக் கேளுங்களேன். கேமரா ஆன்ல இருக்கு. ஆனாலும் சத்தம் கேக்கு. அந்த சார் நிக்கும்னுதான சொன்னாங்க."

"ஷேக்கர் ஸ்டேஷன்ல பாஸா ஃபெயிலா?" போனை ஆட்டிக்கொண்டே வீடியோ எடுத்துப் பார்க்கும் மெஷின் அது.

"பாஸ்தான்க்கா. ஆனா..."

"மெஷினு பாஸ்னு சொன்னா உன் காது இன்னாத்துக்கு?"

அவள் கையிலிருந்த போனை வாங்கி, பேக்கிங்குக்கு ஓடும் கன்வேயர் பெல்ட்டில் வைத்தேன். அன்றே மெமோ. மறுநாளும் என் பேச்சைக் கேட்கவில்லை அவள். ஒரு போனுக்கு ஆறு விநாடி கூடுதல், ஷிஃப்ட் முடிவில் லைன் இருநூறு போன் பின்தங்கியது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மறுபடியும் உங்க டெஸ்ட்டா?" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நேராக வந்து இரண்டாவது மெமோவில் கையெழுத்துப் போட்டேன். 'சூப்பர்வைசரின் அறிவுறுத்தலை மீறினார்.' இரண்டு மெமோ என்றால் ஏஜென்சி ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்தேதான் போட்டேன்.

அவள் அழவில்லை. "பட்டியல்ல என் பேரு இருக்குக்கா" என்று மட்டும் சொன்னாள். நான் லைனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மதியம் அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

நான்கு நாள் கழித்து முதல் லாட் லாரியில் ஏற வேண்டும், இரண்டாயிரத்து நானூறு போன். ஏற்றுமுன் குடோனில் அட்டைப் பெட்டிகளின் வரிசைக்கு நடுவே நடந்துபோய், ஒவ்வொரு பெட்டியின் எண்ணும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வைப்பது வழக்கம். பின்னால் எண்ணிக்கை குறைந்ததென்று யாராவது சொன்னால் அதுதான் சாட்சி. எப்போதும் அந்த லாட்டிலேயே ஒரு போனை எடுத்துத்தான் எடுப்போம். அன்று மழை, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். இரண்டு டியூப் லைட் மட்டும் எரிந்தது.

எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தேன். படம் குதிக்கவில்லை, வழுவழுவென்று நகர்ந்தது. ஆனால் நான் எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் பெட்டி எண்கள் ஒரு கணம் ஈரக் கையால் தேய்த்த மை மாதிரி இழுபட்டு, மறுபடி தெளிந்தன. 8 எது, 3 எது என்று தெரியவில்லை. என் கைதான் சரியில்லை என்று வேறு ஒரு போனை எடுத்து அதே வழியில் நடந்தேன். எண்கள் எல்லாம் பளிச்சென்று படிக்க வந்தன.

மாரிசெல்வி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் போனில் கேமராவைத் திறந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காதில் வைத்து ஆட்டினேன்.

டிக் டிக்.

இரண்டாவதை ஆட்டினேன். சத்தமே இல்லை.

லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டு பலராமனைக் கூப்பிட்டேன். அவர் இரண்டு வீடியோவையும் பார்த்துவிட்டு, நேராக ஷேக்கர் ஸ்டேஷனுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். செட்டிங்கைத் திறந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பழைய மாடலோட செட்டிங்கையே காப்பி பண்ணி வச்சிருக்காங்க மேடம். ஈஐஎஸ் ஆன்ல கீது."

"இருந்தா இன்னா சார்?"

"ஈஐஎஸ் லென்ஸைத் தொடாது. படத்தோட ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிட்டு, ஒவ்வொரு ஃபிரேமையும் ஆட்டத்துக்கு எதிரா நகர்த்தி வைக்கும். இந்த ஸ்டேஷன்ல இவ்ளோ லைட்டு. வெளிச்சம் இருந்தா ஒரு ஃபிரேம் சட்டுனு எடுத்து முடிச்சிடும், உள்ள கலங்காது. அதை நகர்த்தினா வீடியோ ஸ்டெடியாத்தான் தெரியும். லென்ஸு செத்திருந்தாலும் பாஸ் ஆயிடும்."

"குடோன்ல?"

"இருட்டுல ஒவ்வொரு ஃபிரேமும் ரொம்ப நேரம் திறந்து கெடக்கும். அந்த நேரத்துல கை ஆடினா ஃபிரேமே கலங்கிடுது. கலங்கினதை அப்புறம் எவ்ளோ நகர்த்தி இன்னா பிரயோஜனம்? லென்ஸு அந்த நேரத்துலயே அசைஞ்சு கொடுத்தாத்தான் உண்டு. அதுக்குத்தான் ஓஐஎஸ். டெஸ்ட் பண்ற கம்ப்யூட்டரும் ஓஐஎஸ் சிப்பு பதில் சொல்லுதான்னு மட்டும்தான் கேக்குது. லென்ஸு நகருதான்னு கேக்கல."

ஈஐஎஸ்ஸை அணைத்து, விளக்கைக் குறைத்து, லாட் முழுவதையும் மறுபடி ஓட்டினார்கள். ஐம்பத்தேழு போன் தோற்றது. காயிலுக்குக் கரண்ட் கொண்டுபோகும் நாடா போன்ற மெல்லிய வயர் அந்தக் கேமராக்களில் சரியாக ஒட்டவில்லை. லென்ஸ் யாரும் பிடிக்காமல் தொங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அதே வாய், அதே சிரிப்பு. "காஞ்சனா டெஸ்ட்டை இனிமே எழுத்துலயே கொண்டு வந்துடலாம். கேமரா ஆன் பண்ணி, காதுல வச்சு. ரிப்போர்ட்ல உங்க பேரைப் போட்டிருக்கேன்." எல்லாரும் கைதட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு நாள் முழுக்க அப்படித்தான் இருந்தேன், அதை மறைத்துப் பயனில்லை. வெட்கமாக இருந்தது, சுகமாகவும் இருந்தது. வெட்கத்தைவிட அந்தச் சுகம்தான் ராத்திரி சாப்பாட்டை இறங்கவிடாமல் செய்தது.

மறுநாள் காலையில் ஹெச்ஆருக்குப் போனேன். மாரிசெல்வியின் இரண்டு மெமோவையும் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். அங்கிருந்த பிரவீன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காரணம் எழுதணும் மேடம். மெமோ தப்புன்னா, அறிவுறுத்தல் தப்புன்னு ஆகும். அறிவுறுத்தல் யாருது?"

"என்னுது."

"அப்ப மெமோ உங்க ஃபைலுக்கு வரும். ரிப்போர்ட்லயும் பேரை மாத்தணும். யோசிச்சுக்கினு வாங்களேன்."

உட்கார்ந்து அங்கேயே எழுதினேன். அவள் சொன்னதையும், நான் அவள் கையிலிருந்து வாங்கி பெல்ட்டில் வைத்ததையும், ஒன்று விடாமல். மேனேஜர் அதற்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. என் ஃபைலில் மெமோ ஏறியது. மாரிசெல்வியை ஏஜென்சி திரும்ப அனுப்பலாம், பட்டியலில் பெயரும் இருக்கும் என்று சாயங்காலம் சொன்னார்கள். நல்ல சேதியை நானே சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கூப்பிட்டேன். அவள் இன்னும் ஹாஸ்டலில்தான் இருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"மொத்தம் எத்தனைக்கா இருந்துச்சு?"

"ஐம்பத்தேழு."

"நான் பத்தொம்பது கேட்டேன். அதுல நாலு, நீங்க எங்கையில இருந்து வாங்கி வச்சது."

எனக்கு ஒன்றுதான் நினைவிருந்தது. அவள் நான்கையும் எண்ணி வைத்திருக்கிறாள். "தப்பு என்னுதுதான்டி. எழுதியே குடுத்துட்டேன். திங்கக்கிழமை காலைல பஸ் ஏறி வந்துடு. பட்டியல்ல உன் பேரு அப்படியே கீது."

"வாரேன்க்கா. வேலை வேணும்லா எனக்கு."

எனக்கு உயிர் வந்தது. அவள் கேட்டாள்.

"உங்க லைன்லயாக்கா?"

"ஆமா. உன் பழைய ஸ்டேஷன்தான்."

அந்தப் பக்கம் ஹாஸ்டலில் யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வேற லைன் இருந்தாச் சொல்லுங்கக்கா" என்றாள்.