புரோபை எடுத்த பிறகு

1968, மே மாதம். விழுப்புரம் ஜங்ஷனில் தகரக் கூரை போட்ட அறை ஒன்றில் நானும் தேவநாதனும் வெந்துகொண்டிருந்தோம். எங்களோடு சேர்ந்து ஒரு இயந்திரமும் வெந்துகொண்டிருந்தது. அதற்காவது வாய் இல்லை. எனக்கு இருந்தது, நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ரயில் சக்கரங்களை எண்ணும் இயந்திரம் அது, நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது. கண்டமங்கலம் பக்கம் போகும் ஒற்றைப் பாதையில் நுழைகிற சக்கரங்களை ஒரு எண்ணி எண்ணும், வெளியேறுகிற சக்கரங்களை இன்னொன்று எண்ணும். இரண்டும் சமமானால் பாதை காலி என்று பச்சை விளக்கு எரியும். இப்போதைக்குச் சோதனைதான். யார்டில் நாலைந்து வேகன்களை முன்னும் பின்னும் இழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாலை ரயில்வே அதிகாரி வந்து கையெழுத்துப் போட்டால் நிஜ ரயில்களுக்கும் அந்தப் பச்சை விளக்குதான்.

ஒவ்வொரு எண்ணிக்குள்ளும் லாட்சுகள் வரிசையாக இருக்கும். லாட்ச் என்பது கதவுள்ள வீடு மாதிரி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு மின்துடிப்பு வரும், அது வந்தால் எல்லாக் கதவும் ஒன்றாகத் திறக்கும். ஒரு சக்கரம் போனால் உள்ளே இருக்கும் அடையாளம் ஒரு வீடு நகர வேண்டும். கதவு அதிக நேரம் திறந்திருந்தால் அது அடுத்த வீட்டுக்கும் ஓடிவிடும். அதைத் தடுக்க எல்லோரும் ஃபிளிப்-ஃபிளாப் போடுவார்கள். அதாவது வீட்டுக்கு இரண்டு லாட்ச், ஒன்று திறந்திருக்கையில் மற்றது மூடியிருக்கும். ஓடவே முடியாது. ஆனால் டிரான்சிஸ்டர் இரண்டு பங்கு.

தேவநாதன் வீட்டுக்கு ஒரே லாட்ச் போதும் என்றான். கதவைக் கண் சிமிட்டும் நேரம்கூடத் திறக்காமல், மிகக் குறுகிய துடிப்பாகக் கொடுத்தால் போதும். ரொம்பக் குறுகினால் அடையாளம் பதியாது, கொஞ்சம் அகன்றால் தாண்டிவிடும். நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியில் பிழைத்துக்கொள்ளலாம். இறக்குமதி டிரான்சிஸ்டருக்கு நாய் படாத பாடு படுகிற காலம். மிச்சமானதை வைத்துத் திண்டிவனத்துக்கும் ஒரு இயந்திரம் செய்துவிட்டான். அவன் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஒலக்கூர்க்காரன். திண்டிவனம் என்று தன் கையாலேயே எழுதிய மரப்பெட்டி மூலையில் காத்திருந்தது. இரண்டு வருட உழைப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

முந்தின நாள் உச்சி வெயிலில், வெளியேறும் எண்ணி கூடுதலாகக் காட்டியது. எந்த வீட்டில் தாண்டுகிறது என்று பார்க்க, இன்று காலை மூன்றாம் வீட்டின் வாசலில் புரோபை, அதாவது மின்துடிப்பைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் தொடுமுனையை, மாட்டினோம். கணக்கு ஒரு தடவைகூடத் தப்பவில்லை. வெயில் ஏறியும் தப்பவில்லை. எனக்கு உயிர் வந்தது.

தேவநாதன் மட்டும் சிரிக்கவில்லை. புரோபைக் கழற்றினான். வேகன்கள் போயின. கணக்கு தப்பியது. மாட்டினான், சரியானது.

"புரோப் பாரமா தொங்குது, பாய். அந்தப் பாரத்துல சிக்னல் கொஞ்சம் லேட்டா போவுது. அதுக்குள்ள கதவு மூடிக்குது," என்றான். துடிப்பு உண்டாக்கும் பகுதி கூரையை ஒட்டி மேல்தட்டில் இருந்தது. சூட்டில் அதன் டிரான்சிஸ்டர்கள் அணையத் தாமதமாகித் துடிப்பு அகன்றுவிட்டது. மூன்றாம் வீடோ மற்றவற்றைவிட வேகமானது, கதவு மூடுவதற்குள் அடையாளம் அதைத் தாண்டிவிட்டது.

"அவ்ளோதானே?" என்றேன். "புரோபுக்குப் பதிலா அதே பாரத்துக்கு அங்க ஒரு கெப்பாசிட்டர வெச்சு ஜல்தியா சால்டர் பண்ணு. வேலை முடிஞ்சிது."

"இன்னிக்கி மூணாவது. இன்னும் சூடானா எது தாண்டும்? துடிப்பக் குறைச்சா மார்கழி குளிர்ல பதியாம போவும். எனக்குத் தெரியலயே பாய்."

அதிகாரி வந்தபோதும் கூரைச் சூடு இறங்கவில்லை. புரோப் மாட்டியபடியே இருந்தது. வேகன்கள் போயின, கணக்கு சரியாக வந்தது. அவர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார்," என்று தேவநாதன் புரோபை உருவினான்.

வேகன்கள் மறுபடி போயின. கடைசி வேகனை மட்டும் உள்ளேயே கழற்றி நிறுத்தச் சொல்லியிருக்கிறான், எனக்குத் தெரியாமல். உள்ளே போன சக்கரங்களில் சில இன்னும் வெளியே வரவில்லை. தாண்டிய கணக்கு அந்தக் குறையை நிரப்பிவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது.

அதிகாரி ஜன்னல் வழியாக அந்த வேகனைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

அவர் போனதும் அவனை அறைந்துவிடலாமா என்றிருந்தது. "பைத்தியமாடா நீ? திண்டிவனம் என்னாவறது?"

அவன் மரப்பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினான். "இதுல இருக்கறத எடுத்து இங்க வீட்டுக்கு ரெண்டு லாட்சா போட்டுடலாம். ஒரு ஸ்டேஷனாவது ஒழுங்கா இருக்கட்டும்."

பலகை பிளந்தபோது அவன் எழுதிய பெயரும் சேர்ந்து பிளந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. நான்தான் குனிந்து இரண்டு துண்டையும் எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நேரமாவுது, வண்டிய உட்டுடாத. நாளைக்கி வா," என்றான்.

ஓடிப்போய்ப் பாண்டிச்சேரி பாசஞ்சரில் ஏறினேன். கண்டமங்கலம் வழியாக, அதே ஒற்றைப் பாதையில்தான் தினமும் நான் பாண்டிச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்கு வீடு திரும்புகிறேன். அதை அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.