ஒரு மணி நேர விதி

வாத்தியார்தான் டிக்கெட்டை அழித்திருப்பார் என்று முதலில் சொன்னவள் நான். போகிற போக்கில் சொன்னேன். மேலாளர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் விற்கும் கம்பெனி எங்களுடையது. வருகிற ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட். வாத்தியார் இருபது வருடம் பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு, நாற்பத்தைந்து வயதில் எங்களோடு சேர்ந்தவர். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவர் வேலை நிரந்தரமா, இல்லையா என்று முடிவாகும். வியாழக்கிழமை ஒரு பல் மருத்துவமனையிலிருந்து போன்: நோயாளிகளுக்கு நினைவூட்டல் செய்திகள் ஒரு நாள் தாமதமாகப் போகின்றன, திங்களே எழுதினோம், பதிலே இல்லை.

திங்கள் காலை அதைப் பட்டியலில் பார்த்ததாகவும், தன் பெயருக்கு மாற்றாமல் சந்தேகம் கேட்க எழுந்துபோனதாகவும், திரும்பி வந்தால் காணவில்லை என்றும் வாத்தியார் சொன்னார். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

வெள்ளி மதியம் மனசு உறுத்தியது. அழித்தவை பட்டியலைத் திறந்தேன்; திங்களில் ஒன்றுகூட இல்லை. மருத்துவமனையின் மின்னஞ்சல் முகவரியைப் போட்டுத் தேடினேன், அதுவும் இல்லை. என் கணக்குக்கு எல்லாக் குழுக்களையும் பார்க்கும் உரிமை உண்டு. வடிகட்டிகளை எல்லாம் கழற்றிவிட்டு, திங்கள் காலை வந்த அத்தனையையும் வரவழைத்தேன். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

இருபத்தேழாவதில் மாட்டியது. மருத்துவமனை எழுதியது எங்கள் விற்பனையாளருக்கு. அவர் அதை அப்படியே எங்களுக்கு அனுப்பிவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டார். அதனால் புகார் கொடுத்தவர் என்று அவர் பெயரே பதிவாகியிருந்தது. டிக்கெட்டின் வரலாற்றைக் கீழே உருட்டினேன். ஒரு தானியங்கி விதி அதை அலுவலகச் சாமான் குழுவுக்குத் தள்ளியிருந்தது. அந்தக் குழுவில் இருப்பது ஒரே ஆள், அவரும் விடுப்பில். மற்றக் குழுக்காரர்கள் தேடினாலும் அந்தக் குழுவின் டிக்கெட்டுகள் கண்ணில் படாது.

விதியைத் திறந்தேன். அனுப்பியவர் நம் ஊழியராக இருந்து, ஒரு மணி நேரம் யாரும் எடுக்காவிட்டால் சாமான் குழுவுக்கு மாற்று. எழுதியவர் பெயரைப் பார்த்தேன். நான்தான். போன வருடம் ஆளாளுக்கு நாற்காலி கேட்டு எழுதித் தொல்லை செய்தபோது போட்டது.

மணி மூன்றரை. மேலாளர் அறைக்குள் போனேன். வாத்தியார் வெளியில் உட்கார்ந்திருந்தார். திரையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவர் அழிக்கலை சார். நான் போட்ட விதிதான் தூக்கிட்டுப் போயிருக்கு. அவரைச் சொன்னதும் நான்தான்."

மேலாளர் வரலாற்றை இரண்டு முறை படித்தார். அந்த விதியை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். பிறகு நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, நீயே கொண்டுபோய்க் கொடு என்றார்.

வாத்தியார் கடிதத்தைப் படித்துவிட்டு, டிக்கெட்டின் வரலாற்றைக் காட்டச் சொல்லி வரிவரியாகப் பார்த்தார்.

"நேத்து ராத்திரிகூட என் வீட்டம்மாகிட்ட, நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்போலன்னு சொன்னேன்மா. எனக்கே அப்படித்தான் தோண ஆரம்பிச்சுடுச்சு."

என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்துவிட்டு, முதல் காரியமாக அந்த டிக்கெட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, மருத்துவமனைக்கு போன் போட்டார்.