வெள்ளி மதியம் இரண்டரை

வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறியும் விழுந்து நாலு நாள் ஆகியிருந்தது. அதாவது துபாயில் இருக்கும் அஃப்ஸல் செய்தியைப் படித்துவிட்டார். படித்துவிட்டுப் பதில் போடவில்லை. முத்துச்செல்வி வகுப்புக்குப் போகும்போதும் பார்த்தாள், வந்தும் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

தூத்துக்குடியில் ஒரு மகளிர் கல்லூரியின் வணிகவியல் துறையில் அவள் உதவிப் பேராசிரியை. இறுதியாண்டு மாணவிகளுக்குக் கப்பல் சரக்குப் பாடம் நடத்துகிறாள். கல்லூரியின் மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். ஆனால் உள்ளே படிக்கிற அறுபது பிள்ளைகளில் ஒருத்திகூட ஒரு நிஜமான பில் ஆஃப் லேடிங்கைக் கையில் தொட்டதில்லை. கப்பல் கம்பெனி சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுக்கும் அந்தக் காகிதம், அவர்களுக்குப் புத்தகத்தின் தொண்ணூற்று ஆறாம் பக்கத்தில் ஒரு மங்கலான படம். போன வருஷம் துறைமுகச் சாலையில் இருக்கும் சரக்கு அனுப்பும் அலுவலகங்களுக்கு நேர்முகத்துக்குப் போன பிள்ளைகள் எல்லோரும், "நிரப்பிக் காட்டும்மா" என்று ஒரு தாளை நீட்டியதும் முழித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

இந்த வருஷம் அப்படி ஆகக் கூடாது என்பதுதான் அவள் எண்ணம். அஃப்ஸல் துபாயில் சரக்கு அனுப்பும் தொழில் செய்கிறவர். காயல்பட்டினத்துக்காரர். தூத்துக்குடியிலும் அவருக்குச் சரக்கு ஆவணங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகம் உண்டு. மே மாதம் அங்கே பயிற்சிக்கு ஆள் எடுப்பார்கள். அவர் ஒரு மணி நேரம் ஜூமில் பேசினால் போதும், பிள்ளைகளுக்கு ஒரு வாசல் திறக்கும்.

ஆனால் கல்லூரியில் வெபினார் என்றாலே இப்போது சிரிக்கிறார்கள். போன பருவத்தில் அவள் ஏற்பாடு செய்த பேச்சாளர் வரவே இல்லை. முக்கால் மணி நேரம் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கடைசியில் அந்தாக்ஷரி ஆரம்பித்துவிட்டார்கள். சத்தம் முதல்வர் அறை வரைக்கும் போனது.

"ஆளு வாராருன்னு எழுத்துல காட்டு, ஹால் தாரேன்னு முதல்வர் சொல்லிட்டாவ செல்வி," என்றார் துறைத்தலைவி சண்முகவடிவு. "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும்தான். இல்லன்னா ஹாலும் கெடையாது, இனிமே நம்ம துறைக்கு வெபினாரும் கெடையாது. ஒனக்காகப் பேசிப் பாத்துட்டேன். இதுக்கு மேல என் வாய்ல தண்ணி இல்ல."

அவர் போனதும் எதிர் மேசையில் இருந்த ருமைஸா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். அதே துறைதான். அஃப்ஸல் அவளுடைய பெரியம்மா மகன். அவர்கள் பேச்சில் அண்ணனுக்குக் காக்கா என்று பெயர். நம்பர் கொடுத்தவளும் அவள்தான்.

"காக்கா பதில் போடாம இருக்க மாட்டாவளே. என்னத்த எழுதுன? காட்டு."

முத்துச்செல்வி போனை நீட்டினாள். ருமைஸா படிக்கப் படிக்க அவள் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"'பேரன்புக்கும் பெருமதிப்பிற்கும் உரிய ஐயா அவர்களுக்கு…' ஏளா, இது என்ன, கல்யாணப் பத்திரிகையா? 'தங்களது பொன்னான நேரத்தை ஒதுக்கி எங்கள் கல்லூரியின் சிறப்பு விருந்தினராக வருகை தந்து, மாணவச் செல்வங்களுக்கு நல்லாசி வழங்கி…' நல்லாசியா! அவருக்கு முப்பத்தெட்டு வயசுடீ."

"கயத்தாத்துல எங்க ஸ்கூல்ல அப்படித்தான் எழுதச் சொல்லிக் குடுத்தாவ. பெரியவங்களுக்கு எழுதினா மரியாதையா எழுதணும்னு."

"மரியாதை இருக்கு. மத்தது எங்க? என்னைக்குன்னு இல்ல. எத்தனை மணிக்குன்னு இல்ல. எதப் பத்திப் பேசணும்னு இல்ல." ருமைஸா விரலால் ஓரிடத்தைத் தட்டினாள். "இதுக்கெல்லாம் மேல, இந்தா, 'சிறப்பு விருந்தினர்'னு போட்டுருக்கியே. இது ஒண்ணே போதும்."

"அதுல என்ன தப்பு?"

"காயப்பட்டணத்துல எந்த முதலாளிகிட்டயும் கேளு. 'சிறப்பு விருந்தினர்'னு ஒருத்தன் வந்தான்னா, பொன்னாடையப் போத்திட்டு, பின்னாடியே ரசீது புஸ்தகத்த நீட்டுவான். மேடைக்கு ஷாமியானா, விளையாட்டு விழாவுக்குக் கோப்பை, கட்டட நிதி. வாப்பா இருந்த காலத்துல எங்க வீட்டுல பொன்னாடையே ஒரு பீரோ நெறைய கெடந்துச்சு. காக்கா இத நன்கொடைன்னுதான் நெனச்சிருப்பாவ. மொகத்துக்கு நேரா இல்லன்னு சொல்லக் கூச்சம், அதான் பேசாம இருக்காவ."

முத்துச்செல்விக்கு முகம் சூடானது. நன்கொடை என்கிற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. அழகாக இருக்கட்டும் என்று மூன்று தடவை திருத்தி எழுதிய செய்தி அது.

"சரி. இப்ப என்ன செய்ய?"

"நீ அவருகிட்ட என்ன கேக்க வந்தியோ அத எழுது. என்கிட்ட சொன்னியே, அதே மாதிரி."

முத்துச்செல்வி ஒரு தாளை எடுத்துக்கொண்டாள். போனில் நேராக எழுத அவளுக்கு வராது. எழுதினாள், அடித்தாள், ருமைஸாவிடம் காட்டினாள், மறுபடி அடித்தாள். நேரத்தை எழுதும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பெருமையோடு நிமிர்ந்தாள்.

"வெள்ளிக்கிழமைதான் ஹால் இருக்கு. ஜும்மா தொழுகை ஒண்ணரைக்கு முடிஞ்சிரும்லா? சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டு ரெண்டரைன்னு போடுதேன். பாத்தியா, நான் யோசிக்கேன்."

"யோசிச்சுட்டியே," என்றாள் ருமைஸா நெகிழ்ந்துபோய்.

செய்தி இப்படிப் போனது.

"வணக்கம் சார். நான் முத்துச்செல்வி, ருமைஸாவுடன் வணிகவியல் துறையில் வேலை செய்கிறேன். போன வாரம் அனுப்பிய செய்தியில் விவரம் இல்லை, மன்னிக்கவும். எங்கள் இறுதியாண்டு மாணவிகள் அறுபது பேருக்கு நீங்கள் ஜூமில் பேச வேண்டும் என்று கேட்கிறேன்.

தலைப்பு: பில் ஆஃப் லேடிங்கில் ஒரு பெயர் தப்பானால் என்ன ஆகும்?

நேரம்: 23ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் 2.30. நாற்பது நிமிடம் பேச்சு, இருபது நிமிடம் கேள்விகள்.

பயன்: பிள்ளைகள் புத்தகத்தில் மட்டும் பார்த்த ஆவணத்தை, அதைத் தினமும் கையாளுகிறவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். உங்கள் தூத்துக்குடி அலுவலகத்துக்கு மே மாதம் பயிற்சியாளர்கள் தேவை என்று ருமைஸா சொன்னாள். கேள்வி கேட்கிற பிள்ளைகள் யார் யார் என்று நீங்களும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

பவர்பாயின்ட் வேண்டாம். ஒரு பழைய ஆவணத்தில் பெயர்களை மறைத்துவிட்டுத் திரையில் காட்டினால் போதும். நன்கொடை எதுவும் கேட்கவில்லை. முடியும், முடியாது என்று நாளை மதியத்துக்குள் ஒரு வார்த்தை சொன்னால் நன்றியாக இருக்கும்."

பதினொன்றாவது நிமிஷம் போன் அதிர்ந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலையோடு தலை முட்டிக்கொண்டது.

"நல்ல தலைப்பு. ஆனா வெள்ளிக்கிழமை அந்த நேரம் முடியாதும்மா. ஜும்மா."

"ஜும்மாவா?" முத்துச்செல்வி வாய்விட்டே கேட்டாள். "ஜும்மா முடிஞ்ச பொறவுதான வச்சேன்!"

ருமைஸாவும் புரியாமல் பார்த்தாள். பிறகு சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏளா, நம்ம ரெண்டரை அங்க ஒரு மணி! ஒண்ணரை மணி நேரம் பிந்தில்லா இருக்காவ. அவிய பள்ளியில நிக்கிற நேரம். சரியா குறி பாத்து வச்சிருக்கோம்."

"நீ சொல்லக் கூடாதா?"

"நான் எத நெனச்சேன்? துபாய்ல இருக்குற எங்க தம்பி வாரா வாரம் ஜும்மா முடிச்சுட்டுத்தான் போன் போடுவான். இங்க மூணு மணி ஆயிரும். 'ஏன்லே இவ்ளோ லேட்டு'ன்னு இவ்ளோ நாளா அவனத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

சிரிக்க வேண்டிய இடம்தான். முத்துச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு மேல் பிள்ளைகளை நிறுத்த முடியாது. கயத்தாறு, எட்டயபுரம் என்று தூரத்துப் பஸ் பிடிக்கிறவர்கள் பாதிப் பேர். காலையில் வைக்கலாமென்றால் வெள்ளிக்கிழமை காலை ஹாலில் வேறு துறையின் தேர்வு. முடியாது என்று ஒருவர் சொன்ன பிறகு மறுபடியும் கேட்பது தொந்தரவு இல்லையா என்றும் இருந்தது.

"அவர் முடியாதுன்னு எங்க சொன்னாவ?" என்றாள் ருமைஸா. "'அந்த நேரம் முடியாது'ன்னுதான் போட்டுருக்காவ. தலைப்பு நல்லாருக்குன்னும் போட்டுருக்காவ. ஒழுங்காப் படி."

முத்துச்செல்வி மறுபடி படித்தாள். உண்மைதான்.

அவள் துறைத்தலைவியிடம் ஓடினாள். பொங்கல் விடுமுறைக்கு ஈடாக இருபத்து நாலாம் தேதி சனிக்கிழமை கல்லூரி உண்டு என்பது சண்முகவடிவுக்குத்தான் நினைவுக்கு வந்தது. "அன்னைக்கு ஹால் சும்மாதான் கெடக்கும். வேணும்னா வியாழக்கிழமை காலையும் கேட்டு வாங்கித் தாரேன். ஆனா மொதல்ல அவர் வாயால வரட்டும்."

இந்தத் தடவை தாள் வேண்டியிருக்கவில்லை.

"சார், மன்னிக்கவும். அங்கத்து நேரத்தை நான் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டு நேரம் தருகிறேன். வியாழன் காலை இந்திய நேரம் 11.30, உங்களுக்கு 10.00. அல்லது சனிக்கிழமை காலை இந்திய நேரம் 11.00, உங்களுக்கு 9.30. எது வசதி?"

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். மணி அடித்தது. வகுப்புக்குப் போனாள். பாடம் நடத்தினாளே தவிர, என்ன நடத்தினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பி வரும்போது வராந்தாவின் அந்தக் கடைசியிலேயே ருமைஸா நின்றுகொண்டிருந்தாள், கையில் முத்துச்செல்வியின் போனோடு.

"பாஸ்வேர்டு தெரியாது, அதனால தொறக்கல. ஆனா மேல வந்து நிக்குது. காக்கா பேரு."

முத்துச்செல்வி திறந்தாள்.

"சனி 9.30, நம்மூர் 11. எனக்கு லீவுதான். கண்டிப்பா வாரேன். சென்னைல இருந்து போன ஒரு கன்டெய்னர், வாங்குறவன் பேர்ல ஒரு எழுத்து மாறி, பேங்க்ல டாக்குமென்ட்டைத் திருப்பிவிட்டதால மூணு வாரம் போர்ட்லயே கெடந்துச்சு. அந்தக் கதையே சொல்றேன். பிள்ளைங்க கேள்வியை முன்னாடியே அனுப்புங்க. பி.கு. மொத மெசேஜைப் பாத்து கட்டட நிதின்னு நெனச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

'சொன்னேன்லா' என்பது ருமைஸாவின் முகத்திலேயே இருந்தது. முத்துச்செல்வி சுவரில் சாய்ந்துகொண்டாள். நாலு நாளாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதுபோல் இருந்தது. முதல்வருக்குக் காட்ட அந்தச் செய்தியை அச்செடுத்தபோது, கட்டட நிதி வரியை மட்டும் வெட்டிவிடலாமா என்று ருமைஸா கேட்டாள். முத்துச்செல்வி வேண்டாம் என்றுவிட்டாள். முதல்வர் அந்த வரியில்தான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஹாலில் அறுபது பிள்ளைகள். திரை வெள்ளையாகத்தான் இருந்தது. பின்வரிசையில் யாரோ, "அந்தாக்ஷரிக்கு என்ன எழுத்து?" என்று முணுமுணுக்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்த முத்துச்செல்விக்கும் அது கேட்டது.

அப்போது திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. அஃப்ஸல் காத்திருக்கிறார், உள்ளே அனுமதிக்கவா என்று கேட்டது. அவள் அழுத்தினாள்.

வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக ஒரு முகம் வந்தது. கையில் ஒரு காகிதம்.

"என் சத்தம் கேக்குதா?" என்றார் அவர்.

"கேக்குது சார்!" என்று அறுபது குரல்கள் ஒன்றாகக் கத்தின.

"அடேயப்பா. நல்லாக் கேக்குது போலயே," என்று காதைத் தேய்த்துக்கொண்டார் அஃப்ஸல். "சரி, இந்தா இருக்கு பாருங்க பில் ஆஃப் லேடிங். இதுல தப்பு எங்க இருக்குன்னு மொதல்ல யாரு சொல்லுதா?"

முன்வரிசையில் இருந்த மாணவி இசக்கிச்செல்வி கையைத் தூக்கிவிட்டாள்.